இன்சிடென்ட் ரிப்போர்ட்டில் புல்லட் எங்கே, பாரா எங்கே, டேபிள் எங்கே?

கேள்வி: "ஒரு ஐடி கம்பெனியில் சப்போர்ட் டீமில் இருக்கிறேன். சர்வர் டவுன் ஆனால் ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. மேனேஜர் 'எல்லாத்தையும் புல்லட்ல போடு, பாராவை யாரும் படிக்க மாட்டாங்க' என்கிறார். கிளையன்ட் 'டேபிளா குடுங்க' என்கிறார். எதை எங்கே பயன்படுத்துவது? விதி ஏதும் இருக்கிறதா?"

உங்கள் மேனேஜர் சொல்வதும் தப்பில்லை, கிளையன்ட் கேட்பதும் தப்பில்லை. இருவர் மனதிலும் ரிப்போர்ட்டின் வேறு வேறு பகுதி இருக்கிறது, அவ்வளவுதான். மேனேஜருக்கு இப்போது என்ன நிலைமை, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று தெரிந்தால் போதும். கிளையன்டுக்கு எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தெந்த சர்வீஸ் என்று வேண்டும். இந்த இருவரையும் தவிர மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். ஆறு மாதம் கழித்து இதே மாதிரி ஏதோ ஒன்று உடையும்போது, நடுராத்திரியில் உங்கள் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் படிக்கப்போகிறவர். அவருக்கு வேண்டியது 'ஏன்' என்பது. இந்த மூன்றாமவரைப் பற்றித்தான் யாரும் கவலைப்படுவதில்லை. சர்வர் ஆபரேஷன்ஸ் பக்கம் பல வருடங்களாக இந்த ரிப்போர்ட்டுகளை எழுதியும், மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியும் வந்த பழக்கத்தில் சொல்கிறேன்: ரிப்போர்ட் முழுவதற்கும் ஒரே வடிவம் என்று யோசிப்பதில்தான் சிக்கலே. ஒவ்வொரு பகுதியிலும் தகவல்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். வடிவம் அதிலிருந்து தானாக வரும்.

எல்லோரும் படிக்கக் கிடைக்கும் ஒரு நிஜ சம்பவத்தை வைத்தே பேசுவோம். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோடைச் சேமித்துப் பகிர உதவும் கிட்லேப் நிறுவனத்தின் தளத்தில், பிரைமரியின் நகலாக இருக்கும் செகண்டரி டேட்டாபேஸ் சர்வரில் செய்ய நினைத்த ஒரு வேலையைப் பொறியாளர் ஒருவர் பிரைமரி சர்வரில் செய்துவிட்டார். ஒன்றிரண்டு நொடிகளில் கவனித்து நிறுத்தியும், ஏறக்குறைய 300 ஜிபி டேட்டாவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. அந்த நிறுவனம் மீட்பு வேலையைக் குறிப்புகளாக அப்போதே வெளியிட்டது, யூடியூபில் நேரலையாகவும் காட்டியது, பிறகு விரிவான அறிக்கையும் எழுதியது. அதனால் விவரங்களில் சந்தேகம் இல்லை.

அந்த சம்பவத்தின் காரணத்தை உங்கள் மேனேஜர் கேட்கிற மாதிரி எழுதினால் இப்படி வரும்:

- செகண்டரி ரெப்ளிகேஷன் பின்தங்கியது
- `pg_basebackup` வேலை செய்யவில்லை
- `max_wal_senders` மாற்றம்
- `max_connections` குறைப்பு
- தவறான சர்வரில் டேட்டா டைரக்டரி நீக்கம்

ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் இதைப் படிப்பவர் என்ன முடிவுக்கு வருவார்? கடைசி வரியைப் பார்த்துவிட்டு 'ஆள் கவனமாக இருந்திருக்க வேண்டும்' என்பார். அதன்பிறகு ரிப்போர்ட்டில் வரும் தீர்வும் அதே தரத்தில்தான் இருக்கும்: இனிமேல் கவனமாக இருப்போம்.

இதையே பாராவாக எழுதிப் பாருங்கள். அன்று மாலை ஸ்பாம் கணக்குகளால் வந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட சுமையில் செகண்டரி பின்தங்கியது. அது மீண்டும் சேர்ந்துகொள்ளத் தேவையான டிரான்சாக்ஷன் லாக் ஃபைல்களைப் பிரைமரி அதற்குள் நீக்கியிருந்தது, அவற்றை வேறெங்கும் சேமித்து வைக்கும் ஏற்பாடும் இல்லை. ஆகவே செகண்டரியில் இருப்பதை அழித்துவிட்டு முதலிலிருந்து நகலெடுப்பதே வழி என்றானது. நகலெடுக்கும் `pg_basebackup`, `max_wal_senders` போதவில்லை என்று புகார் சொல்ல, பொறியாளர் அதைக் கூட்டினார். கூட்டியதும் பிரைமரியில் டேட்டாபேஸ் மென்பொருளான போஸ்ட்கிரெஸ் எழ மறுத்தது, ஏனென்றால் `max_connections` 8000 என்று பெரிய எண்ணாக இருந்தது. அதை 2000 ஆக்கியதும் எழுந்தது. ஆனாலும் `pg_basebackup` எந்தச் செய்தியும் காட்டாமல் அப்படியே நின்றது. உண்மையில் அது பிரைமரி டேட்டா அனுப்பத் தொடங்குவதற்காகக் காத்திருந்தது. அதன் இயல்பே அதுதான், ஆனால் டீமின் குறிப்புகளில் அது எங்கும் எழுதப்படவில்லை. முந்தைய முயற்சிகளில் உருவான ஃபைல்கள் டைரக்டரியில் கிடப்பதால்தான் நிற்கிறதோ என்று நினைத்து, பொறியாளர் அந்த டைரக்டரியை நீக்கினார். நீக்கியது `db2.cluster.gitlab.com` என்று நினைத்துக்கொண்டு `db1.cluster.gitlab.com` சர்வரில்.

இப்போது வேறு இரண்டு காரணங்கள் கண்ணில் படுகின்றன. ஒரு டூல் மௌனமாகக் காத்திருக்கும் என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. இரண்டு சர்வர்களின் ப்ராம்ப்டும் ஓர் எழுத்தில்தான் வேறுபட்டது. கிட்லேப் எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, எந்த சர்வர், எந்தச் சூழல் என்று பார்த்ததுமே தெரிகிற மாதிரி ப்ராம்ப்ட்டை மாற்றுவது. புல்லட் வடிவத்திலிருந்து அந்த யோசனை பிறந்திருக்காது. 'ஏனென்றால்', 'ஆனாலும்', 'என்று நினைத்து' போன்ற இணைப்புகளில்தான் காரணம் இருக்கிறது. புல்லட் போட்டதும் முதலில் உதிர்வது அவைதான்.

ஆகவே நான் உறுதியாகச் சொல்லும் முதல் விஷயம்: காரணம் என்ற பகுதி பாராவாகத்தான் இருக்க வேண்டும். சோதிப்பது சுலபம். வரிகளைக் கலைத்துப்போட்டுப் படியுங்கள். அர்த்தம் மாறவில்லை என்றால் அது புல்லட்டுக்கு உரிய விஷயம். கலைத்ததும் கதை உடைந்தால் பாரா. இன்னொன்று, தமிழிலோ ஆங்கிலத்திலோ நாம் புல்லட் எழுதும்போது வினைச்சொல்லை விழுங்கிவிடுகிறோம். மேலே '`max_connections` குறைப்பு' என்று இருக்கிறதே, அது குறைத்தார்கள் என்பதா, குறைக்க வேண்டும் என்பதா, குறைத்ததால் கெட்டது என்பதா? எழுதியவருக்கு அன்றைக்குத் தெரியும். ஒரு மாதம் கழித்து அவருக்கே தெரியாது.

புல்லட்டுக்குள் காரணம் தொலைந்துபோவது சர்வர் உலகத்துக்கு மட்டுமான குறை இல்லை. 2003-இல் கொலம்பியா விண்கலம் மேலே இருந்தபோதே, கிளம்பும்போது இறக்கையில் மோதிய நுரைத் துண்டைப் பற்றிப் பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். அவற்றில் ஒரு ஸ்லைடின் தலைப்பு நம்பிக்கை ஊட்டுகிற மாதிரி இருந்தது. மோதிய துண்டு 1,920 கன அங்குலம் இருக்கலாம், சோதித்துப் பார்த்ததோ 3 கன அங்குலத் துண்டைத்தான் என்ற செய்தி அடியில், உள்ளுக்குள் தள்ளிய ஒரு சின்னப் புல்லட்டில் கிடந்தது. 640 மடங்கு வித்தியாசம். விபத்தை விசாரித்த குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடை எடுத்துக்காட்டி, தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளையே நம்பும் பழக்கத்தைக் குறை சொன்னது. விபத்துக்கு அந்த ஸ்லைடுதான் காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் 'இந்தச் சோதனையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால்' என்று ஒரு முழு வாக்கியம் எழுத வேண்டியிருந்தால் அந்த எண் அடியில் போய் ஒளிந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

பாராவிலும் வழுக்கும் இடம் உண்டு. பாரா என்றதும் சிலர் ஒரு பக்கம் முழுக்க மூச்சுவிடாமல் எழுதிவிடுகிறார்கள், அதைப் பார்த்துத்தான் உங்கள் மேனேஜர் பயப்படுகிறார். ஒரு பாராவுக்கு ஒரு கண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள்: செகண்டரி ஏன் பின்தங்கியது என்பது ஒரு பாரா, நகலெடுப்பு ஏன் நின்றது என்பது அடுத்தது. பாராவின் முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிடுங்கள். அவசரத்தில் இருப்பவர் முதல் வாக்கியங்களை மட்டும் படித்துக்கொண்டு போகட்டும்.

டேபிளுக்கு வருவோம். பல பொருள்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்கிறீர்கள் என்றால் டேபிள். கிட்லேப் கதையிலேயே இதற்கு நல்ல இடம் இருக்கிறது. டேட்டா போனதும் அவர்கள் பேக்கப்பைத் தேடினார்கள். ஒவ்வொரு முறையிலும் ஏதோ ஒரு கோளாறு. அதை வாக்கியங்களாக எழுதினால் 'அதுவும் இல்லை, இதுவும் இல்லை' என்று புலம்பல் மாதிரி நீளும். டேபிளில் இப்படி அடங்கிவிடும்:

| பேக்கப் முறை | இடைவெளி | அன்றைய நிலை |
|---|---|---|
| `pg_dump` | 24 மணி நேரம் | பேக்கப் போய்ச் சேரும் எஸ்3 பக்கெட் காலி |
| எல்விஎம் ஸ்னாப்ஷாட் | 24 மணி நேரம் | யூடிசி 17:20-க்குக் கையால் எடுத்தது இருந்தது |
| அஷ்யூர் டிஸ்க் ஸ்னாப்ஷாட் | பொருந்தாது | டேட்டாபேஸ் சர்வர்களுக்கு இயக்கப்படவில்லை |
| ரெப்ளிகேஷன் | தொடர்ச்சி | செகண்டரி முன்பே அழிக்கப்பட்டிருந்தது |

மூன்றாவது நெடுவரிசையை மேலிருந்து கீழே ஒரு தடவை பாருங்கள். நான்கில் கைகொடுத்தது ஒன்று, அதுவும் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்தது. குறுக்கே படிக்கும்போது தெரியாத ஒன்று நெடுக்கே படிக்கும்போது தெரிந்தால், அங்கே டேபிள் தன் வேலையைச் செய்கிறது. நெடுக்கே படித்து எதுவும் கிடைக்கவில்லை என்றால், நீங்கள் புல்லட்டுக்குக் கோடு போட்டிருக்கிறீர்கள்.

அதே சமயம் இந்த டேபிளால் சொல்ல முடியாததும் ஒன்று இருக்கிறது. எஸ்3 பக்கெட் ஏன் காலி? டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓடியது, `pg_dump` மட்டும் 9.2 பதிப்பில் ஓடி, பிழையோடு நின்றுபோனது. சரி, அது தினமும் தோற்றுக்கொண்டிருந்தது ஏன் யாருக்கும் தெரியவில்லை? தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்கள், அனுப்பியவர் உண்மையானவர்தானா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் நிராகரிக்கப்பட்டு, யாருக்கும் வந்து சேரவே இல்லை. இந்தச் சங்கிலியை ஒரு கட்டத்துக்குள் திணித்தால் அந்த வரிசை மட்டும் ஆறு வரி உயரமாகி, மற்ற மூன்றையும் படிக்க முடியாமல் செய்துவிடும். டேபிளுக்குக் கீழே நான்கு வாக்கியத்தில் ஒரு பாராவாகப் போட வேண்டியது அது. ஒரு கட்டத்துக்குள் இரண்டாவது வாக்கியம் எழுத ஆரம்பிக்கிறீர்கள் என்றாலே, அது வெளியே வர வேண்டிய விஷயம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டத்தைக் காலியாக விடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலிக் கட்டத்துக்கு மூன்று அர்த்தம் வரும்: 'இல்லை', 'இன்னும் தெரியவில்லை', 'இந்தக் கேள்வி இதற்குப் பொருந்தாது'. கிளையன்ட் பெரும்பாலும் முதல் அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொள்வார். 'தெரியவில்லை, லாக் பார்க்கிறோம்' என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கிளையன்ட் கேட்கும் நேர வரிசையும் டேபிள்தான். இதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. நேரம், என்ன நடந்தது, அது எங்கிருந்து தெரிந்தது என்று மூன்று நெடுவரிசை போதும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சர்வர் லாக்கில் இருந்து எடுத்த 23:30-ம், யாரோ நினைவிலிருந்து சொன்ன 23:30-ம் ஒன்றில்லை. எந்த நேர மண்டலம் என்பதைத் தலைப்பு வரிசையில் ஒரே ஒரு தடவை எழுதுங்கள், இரண்டு மண்டலத்தைக் கலக்காதீர்கள். நமக்கு இதில் ஒரு கூடுதல் தலைவலி உண்டு: யூடிசி 23:30 என்றால் இந்திய நேரப்படி மறுநாள் காலை 5:00. கிட்லேப் சம்பவத்தில் ஸ்னாப்ஷாட் எடுத்த யூடிசி 17:20 நமக்கு ஜனவரி 31 இரவு 10:50, டைரக்டரியை நீக்கியது பிப்ரவரி 1 விடியற்காலை. தேதி இல்லாமல் மணியை மட்டும் எழுதினால் படிப்பவர் ஆறு மணி நேரத்தைப் பதினெட்டாக எண்ணிவிடுவார்.

நேர வரிசை டேபிளில் காரணத்தை எழுதாதீர்கள். '23:30 - ப்ராம்ப்ட் குழப்பத்தால் தவறான சர்வரில் நீக்கினார்' என்று எழுதினால், ப்ராம்ப்ட் குழப்பம் என்ற பிற்பாடு கண்டுபிடித்த விஷயத்தை 23:30-க்குள் நுழைத்துவிட்டீர்கள். அந்த நிமிடத்தில் அவருக்கு அது குழப்பமாகவே தெரியவில்லை. அங்கே 'டேட்டா டைரக்டரியை நீக்கும் கட்டளை பிரைமரியில் ஓடியது' என்பதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைப் பாராவுக்கு விடுங்கள்.

அப்புறம் புல்லட். அதற்கும் இடம் இருக்கிறது, கொஞ்சம் குறைவு என்பதுதான். ஒன்றை ஒன்று சார்ந்திராத விஷயங்கள், எண்ணிக்கையிலும் ஏழெட்டுக்குள் அடங்குபவை: எந்தெந்த சர்வீஸ் பாதிக்கப்பட்டது, இன்னும் விடை கிடைக்காத கேள்விகள் என்னென்ன, பிரச்சினை நடந்துகொண்டிருக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை அனுப்பும் நிலைச் செய்தி. கடைசியில் சொன்னது புல்லட்டாகவே இருக்கட்டும். அதைப் போனில் நடந்துகொண்டே படிப்பார்கள், அந்த நேரத்தில் காரணம் உங்களுக்கே தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய மீட்புப் படிகள் என்றால் புள்ளி வேண்டாம், எண் போடுங்கள். கூட்டத்தில் 'நாலாவது ஸ்டெப்ல என்ன ஆச்சு' என்று கேட்க வசதியாக இருக்கும்.

இனிமேல் செய்யப்போகும் வேலைகளை நிறையப் பேர் புல்லட்டாகப் போடுகிறார்கள். பார்க்க அது சரி போலத்தான் இருக்கும், ஆனால் நான் டேபிளாகத்தான் கேட்பேன்: என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், டிக்கெட் எண். காரணம் சாதாரணமானது. 'பேக்கப் கண்காணிப்பை மேம்படுத்துவது' என்று ஒரு புல்லட் எழுதினால் அது முழுமையான வாக்கியம் போல நிற்கும், எதுவும் குறைவதாகத் தோன்றாது. டேபிளில் அதே வரிக்குப் பக்கத்தில் பொறுப்பாளர் கட்டம் காலியாகக் கிடந்து உறுத்தும். அந்த உறுத்தல் வேண்டும்.

இதுவரை சொன்னதில் காரணம் பாரா, நேரம் டேபிள் என்ற இரண்டையும் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மற்றவற்றில் பேச இடமிருக்கிறது. ரிப்போர்ட்டின் உச்சியில் வரும் சுருக்கத்தை நான் நான்கு வாக்கியப் பாராவாக எழுதுவேன்: என்ன உடைந்தது, யாருக்கு, எவ்வளவு நேரம், இப்போது எப்படி. நல்ல அனுபவம் உள்ள சிலர் அதை நான்கு புல்லட்டாக எழுதுகிறார்கள், அவற்றைப் படிக்கும்போதும் எனக்கு எதுவும் குறையவில்லை. பாதிப்பு பகுதியும் அப்படித்தான். கிட்லேப் அறிக்கையில் குறைந்தது 5,000 புராஜெக்ட், 5,000 கமென்ட், ஏறக்குறைய 700 பயனர்கள் என்று எண்கள் வருகின்றன. மூன்றே எண் என்றால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அதையே நாடுவாரியாக, சர்வீஸ்வாரியாகப் பிரிக்கத் தொடங்கினால் டேபிள் தேவைப்படும்.

எங்கே படிக்கப்போகிறார்கள் என்பது இதையெல்லாம் கவிழ்த்துவிடவும் கூடும். ஐந்து நெடுவரிசை டேபிள் லேப்டாப்பில் அழகாக இருக்கும், போனில் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கும். மெயிலில் இருந்து யாராவது எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் கட்டங்கள் கரைந்து, நேரமும் சம்பவமும் வேறு வேறு வரியில் போய் விழும். போனில்தான் படிப்பார்கள் என்று தெரிந்தால் மூன்று நெடுவரிசைக்கு மேல் போகாதீர்கள். அதுவும் முடியாவிட்டால் '23:30 -' என்று நேரத்தில் தொடங்கும் வரிகளாக எழுதிவிடுங்கள்.

நான் சொன்னது எல்லாம் வடிவத்தை நீங்களே முடிவு செய்யக்கூடிய ரிப்போர்ட்டுக்கு. பாதுகாப்பு மீறல் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதற்குப் படிவம் இருக்கிறது, படிவத்தில் கேட்பதைக் கேட்ட இடத்தில் நிரப்ப வேண்டியதுதான். ஒப்பந்தத்தோடு சேர்த்து டெம்ப்ளேட் கொடுக்கும் கிளையன்டிடமும் வாதம் செய்து பயனில்லை. அவர்கள் டெம்ப்ளேட்டில் 'காரணம்' என்று சின்னதாக ஒரு கட்டம்தான் இருக்கும். அங்கே முடிவை ஒரு வாக்கியத்தில் எழுதி, 'விவரம் இணைப்பில்' என்று சேர்த்து, பாராக்களை இணைப்பாகக் கொடுங்கள். தொழிற்சாலை விபத்து, மருத்துவமனைச் சம்பவம் ஆகியவற்றுக்குத் தனி நடைமுறைகள் உண்டு. அங்கே இருப்பவர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும், என் அனுபவம் அங்கே எட்டாது.

எழுதும் வரிசையில் ஒரு யோசனை. முதலில் நேர டேபிளை லாக்கைப் பார்த்து நிரப்புங்கள், அதில் கருத்துக்கு வேலை இல்லை என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும். அதன் ஒவ்வொரு வரிசையையும் பார்த்து 'இது ஏன்' என்று கேட்டு, வரும் பதில்களைப் பாராவாக எழுதுங்கள். இரண்டு வரிசைகளுக்கு நடுவில் இணைப்புச் சொல் எதுவும் கிடைக்கவில்லை என்றால் அங்கே உங்களுக்கு இன்னும் தெரியாத ஏதோ இருக்கிறது, சம்பந்தப்பட்டவரிடம் போய்க் கேளுங்கள். சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள்.

உங்கள் மேனேஜரிடம் சண்டை போட வேண்டாம். அவருக்கு அனுப்பும் மெயிலின் உடலில் நான்கு புல்லட் போடுங்கள்: நிலைமை, பாதிப்பு, காரணம் ஒரு வரியில், அடுத்த வேலை. கீழே ரிப்போர்ட்டின் லிங்க். அவர் பெரும்பாலும் லிங்க்கைத் திறக்க மாட்டார், அதனால் உள்ளே பாரா இருப்பதும் அவரைத் தொந்தரவு செய்யாது.